மறப்பவரின் கதையில் நினைவைச் சுமப்பது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாவலின் வடிவம் குறித்துப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பரந்த தலைப்பு அது. அதில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதுமையில் டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு ஆளான ஒருவரின் மனத்தை, வெளியே நின்று வர்ணிக்காமல், நாவலின் கட்டமைப்பைக் கொண்டே எப்படி உணர்த்துவது? இதற்கு மூன்று நாவலாசிரியர்கள் மூன்று வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

சொல்ல முடியாத ஒரு வாக்கியம்

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். 'நேற்று என் தோழி வந்து போனதை நான் மறந்துவிட்டேன்' என்று ஒரு கதைசொல்லி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தோழி வந்தது அவருக்கு இப்போது தெரிந்திருக்கிறது. ஆகவே, உண்மையில் அவர் மறக்கவில்லை. மறந்திருந்து, பிறகு நினைவுகூர்ந்தவர் பேசும் வாக்கியம் அது. முழுதாக மறந்தவருக்கு மறந்ததே தெரியாது. தன்னுடைய மறதியைத் தன்மையில் நின்று அறிக்கையிட மொழியில் இடமில்லை. மறதி நிகழ்வதெல்லாம் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் தொடங்கும் இடைவெளியில்தான்.

நாம் பழகிய தன்மைக்கதை பெரும்பாலும் இறந்தகாலத்தில் நடக்கிறது. நடந்ததெல்லாம் தெரிந்த ஒருவர், முடிவில் நின்றுகொண்டு, தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறார். அந்த உத்தி கதைசொல்லியின் நல்ல நினைவாற்றலை நம்பி நிற்பது. நினைவு போன ஒருவர் கைக்கு அது வந்தால் உடைந்துவிடுகிறது. வடிவத்தை மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் இங்கிருந்துதான் வருகிறது. சோதனை செய்து பார்க்கும் ஆசையால் மட்டும் வந்ததல்ல.

இந்த நோயின் வரலாற்றிலேயே இதற்கான முதல் சான்று இருக்கிறது. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்தெ டெட்டர் என்னும் 51 வயதுப் பெண்ணை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் சோதித்தார். கேள்வியும் பதிலுமாகக் குறிப்பெழுதினார். பெயரைக் கேட்டதற்கு ஆகுஸ்தெ என்றார். கணவரின் பெயரைக் கேட்டதற்கும் ஆகுஸ்தெ என்றே பதில் வந்தது. மதிய உணவாகப் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்ற முதற்சொல்லை எழுதியதும் மீதி மறந்துபோயிற்று.

அந்தக் குறிப்பேட்டின் அமைப்பைக் கவனியுங்கள். ஆகுஸ்தெயின் பதில்களை மட்டும் தனியாக எழுதி வைத்திருந்தால் நமக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கீரை என்பது வெறும் கீரையாகவே இருந்திருக்கும். தட்டில் இருந்தது காலிஃபிளவர் என்று இன்னொருவர் எழுதி வைத்ததால்தான் அந்தச் சொல் நம்மை உலுக்குகிறது. மறதியைக் காட்ட வேண்டுமானால், மறக்காத ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மறப்பவரைப் பற்றிய நாவலில் நினைவைச் சுமப்பது யார், அல்லது எது? அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதில்தான் அந்த நாவலின் வடிவம் பிறக்கிறது.

எது முதலில் போகிறது?

நாவல்களுக்குப் போகும் முன் நோயைப் பற்றி இரண்டு செய்திகள் தேவை.

முதலாவது, மறதிக்கு ஒரு வரிசை உண்டு. பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-இல் வெளியிட்ட நூலில் இதை விதியாகவே சொன்னார். அண்மையில் பதிந்த நினைவுகள் முதலில் அழியும். பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கும். அல்சைமர் நோய் மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குவதால், காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்காது. பள்ளிக்கூடத்துத் தோழியின் பெயர் நிற்கும். கைப்பழக்கங்களும் உணர்ச்சிகளும் இன்னும் தாமதமாகவே விடைபெறும். பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட செய்தி மறந்துபோன பிறகும், அந்தச் செய்தி தந்த பதற்றம் நெஞ்சில் தங்கியிருக்கும்.

இரண்டாவது, மொழியிலும் இழப்பு ஒரே சீராக நடப்பதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவல் 1995-இல் வெளிவந்தது. அவருக்கு அல்சைமர் நோய் என்று கண்டறிந்தது அதற்குப் பிறகுதான். பீட்டர் காரர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மர்டாக்கின் முதல் நாவலையும், 1978-இல் வந்த 'தி சீ, தி சீ' நாவலையும், கடைசி நாவலையும் ஒப்பிட்டார்கள். கடைசி நாவலில் சொல்வளம் வற்றியிருந்தது. வாக்கிய அமைப்பு அந்த அளவுக்குக் குலையவில்லை. சொல் முதலில் போகிறது, இலக்கணம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எழுத்தாளருக்கு மிகவும் பயனுள்ள செய்தி. மறதி நோயை எழுதப் புகுகிறவர்கள் உடனே வாக்கியங்களை நொறுக்கிவிடுகிறார்கள். நோயின் நடுக்கட்டம் வரைக்கும் அது பொருந்தாது. இலக்கணம் சரியாக இருக்கும், ஓட்டமும் இருக்கும். வேண்டிய பெயர்ச்சொல் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

வாசகரின் தோளில்: எம்மா ஹீலி

இதைச் சரியாகப் பிடித்தவர் எம்மா ஹீலி. 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' 2014-இல் வந்த அவருடைய முதல் நாவல். அந்த ஆண்டின் கோஸ்டா முதல் நாவல் பரிசும் அதற்குக் கிடைத்தது. கதைசொல்லி மாட் முதிய பெண். தனியாக இருக்கிறார். பணிப்பெண் வந்து போகிறார். மகள் ஹெலன் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறாள். தன் தோழி எலிசபெத்தைக் காணவில்லை என்ற கவலை மாட்டை ஆட்டிவைக்கிறது. எலிசபெத் எங்கே என்று பலரும் அவருக்குப் பலமுறை சொல்லியாயிற்று. அது அவர் மனத்தில் நிற்பதில்லை. எலிசபெத்தைக் காணோம் என்று எழுதிய துண்டுச்சீட்டு பையில் இருக்கிறது. சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் கவலை புதிதாகத் தொடங்குகிறது.

ஹீலி இரண்டு காலங்களை இரண்டு வினைமுற்றுகளில் எழுதுகிறார். இன்றைய நிகழ்ச்சிகள் நிகழ்காலத்தில் வருகின்றன. 1946-இல், போர் முடிந்த கையோடு, மாட்டின் அக்கா சூகி காணாமல்போன கதை இறந்தகாலத்தில் வருகிறது. இன்றைய பகுதிகளில் பொருள்களின் பெயர்கள் வழுக்கிப்போகின்றன. என்ன செய்ய உதவும் பொருள் என்று மாட் சுற்றிவளைத்துச் சொல்கிறார். நாம் ஊகிக்க வேண்டும். 1946 பகுதிகளிலோ ரேஷன் உணவு, உடை, வீட்டுச் சாமான் எல்லாம் பெயரோடும் நிறத்தோடும் துல்லியமாக நிற்கின்றன. ரிபோ சொன்ன வரிசையை எந்த விளக்கமும் இல்லாமல் இரண்டு வகை உரைநடை நமக்குக் காட்டிவிடுகிறது. அத்தியாயங்கள் பெரும்பாலும் இன்றில் தொடங்கி, ஒரு வாசனையோ கையில் தட்டுப்படும் பொருளோ இழுக்க, அன்றைக்குள் நழுவுகின்றன.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எலிசபெத்தைக் காணவில்லை என்று புகார் கொடுக்க மாட் காவல் நிலையத்துக்குப் போகிறார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக அங்கே நுழைகிறவரின் தயக்கம் அவருடைய சொல்லில் இருக்கிறது. மேசைக்கு அப்பால் இருக்கும் காவலரின் பேச்சில் எகத்தாளம். அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று மாட்டுக்குப் புரியவில்லை. வாசகருக்குச் சட்டென்று விளங்குகிறது: மாட் இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறார், ஒருமுறைக்கு மேல். அந்த முந்தைய வருகைகளை நாவல் நமக்குக் காட்டவில்லை. கதைசொல்லிக்கு நினைவில்லாததைக் கதைசொல்லியால் காட்ட முடியாதல்லவா? இவ்வளவு நேரம் மாட்டின் கூடவே இருந்தோம், அவர் அறிந்ததெல்லாம் அறிந்தோம் என்று நம்பியிருந்த நமக்கே இப்போது ஒரு பள்ளம் தெரிகிறது. மறதியைப் பற்றிப் படிப்பதிலிருந்து அதற்குள் கால் வைக்கும் இடம் இது.

இன்னொன்று. மாட் பார்க்கிறவர்களிடமெல்லாம் வெள்ளைப் பூசணி போன்ற ஒரு காயை எந்த இடத்தில் நட்டால் நன்றாக வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். வாசகரும் இதை நோயின் அறிகுறி என்று ஒதுக்கிவிடுகிறார். நாவலின் முடிவை நெருங்கும்போதுதான் அந்தக் கேள்வி அக்கா காணாமல்போன மர்மத்தின் துப்பு என்று தெரிகிறது. எழுபது ஆண்டுகளாக மாட்டின் மனத்தில் கிடந்த ஒரு தோட்டத்து மண் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது. உளறல் என்று நாம் எடுத்துக்கொண்டது சாட்சியமாக இருந்தது. நம்முடைய அலட்சியத்தை நமக்கே காட்டிக்கொடுக்க, ஹீலி துப்பறியும் கதையின் சட்டகத்தை இரவல் வாங்கியிருக்கிறார்.

துப்பறியும் கதையின் விதி, துப்புகளைத் துப்பறிவாளர் நினைவில் வைத்திருந்து கடைசியில் கோர்ப்பது. இங்கே துப்பறிபவருக்கு நினைவில்லை. ஆகவே கோர்க்கும் பொறுப்பு முழுவதும் வாசகருக்கு வந்து சேர்கிறது. அக்காவுக்கு நேர்ந்தது வெளிவந்த பிறகும் அந்த நிறைவு மாட்டிடம் தங்குவதில்லை. எலிசபெத் எங்கே என்ற கேள்வி ஓய்வதில்லை. புதிரின் விடை நம்மிடம் மட்டும் மிஞ்சுகிறது. அவருக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

பிறர் பேச்சில்: பெர்ன்லெஃப்

ஹீலிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, டச்சு மொழியில், இன்னும் கடினமான ஒரு காரியத்தைச் செய்தவர் யா. பெர்ன்லெஃப். கவிஞர்; இயற்பெயர் ஹென்ட்ரிக் யான் மார்ஸ்மன். அவருடைய 'ஹெர்சன்ஸ்கிம்மன்' 1984-இல் வந்தது. ஏட்ரியன் டிக்ஸனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1988-இல் 'அவுட் ஆஃப் மைண்ட்' என்ற பெயரில் வெளியாயிற்று. கதைசொல்லி மார்ட்டன் கிளைன், வயது 71. நெதர்லாந்திலிருந்து பிழைப்புக்காக வந்து, அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே க்ளஸ்டர் என்னும் கடலோர ஊரில் மனைவி வேராவோடும் நாயோடும் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது.

நாவல் தொடங்கும்போது மார்ட்டன் ஜன்னலில் நின்று, பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் வந்து கூடுவதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவரும் வரவில்லை. ஏன் என்று யோசிக்கிறார். அவருடைய யோசனை ஒழுங்காகத்தான் போகிறது. வேரா வந்து, இன்று ஞாயிற்றுக்கிழமை என்கிறாள். அவ்வளவுதான். தர்க்கத்தில் பிழையில்லை, அது நின்ற தரையில்தான் பிழை. நாமும் சில பக்கங்கள் அந்தத் தரையில்தான் நின்றிருந்தோம்.

இந்த நாவலில் 1946 போன்ற தனிப்பகுதி இல்லை, அத்தியாயப் பிரிவினையின் உதவியும் இல்லை. எல்லாமே நிகழ்காலத் தன்மையில் ஓடுகிறது. மார்ட்டன் அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தால், நாவலில் அது உண்மையாகவே நடக்கிறது. பனியில் புறப்பட்டும் போகிறார். சரியான நாள், சரியான ஆண்டு, எதிரில் நிற்பவர் யார் என்பதெல்லாம் வேராவின் வாயிலிருந்துதான் நமக்கு வர வேண்டும். அவள் சொல்வதை மார்ட்டன் அப்படியே நமக்குத் தருகிறார், ஆனால் அதன் முழுப் பொருள் அவருக்கு எட்டுவதில்லை. அவள் குரல் ஒரு பக்கத்தில் பொறுமையாக இருக்கிறது, அடுத்த பக்கத்தில் உடைகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து நாம் நோயின் போக்கை அளந்துகொள்கிறோம். ஆகுஸ்தெயின் குறிப்பேட்டில் மருத்துவர் செய்த வேலையை இங்கே மனைவி செய்கிறாள். அவளுக்குக் கூடுதலாக அன்பும் அச்சமும் இருக்கின்றன.

நாவல் போகப்போக இலக்கணமே நோயாளியாகிறது. ஹீலியின் நாவல் ஏறக்குறைய பெயர்ச்சொற்களோடு நின்றுவிட, பெர்ன்லெஃப் மேலும் கீழே இறங்குகிறார். 'நான்' என்று பேசிக்கொண்டிருந்தவர் இடையிடையே தன்னையே 'அவன்' என்று சொல்லத் தொடங்குகிறார். முதலில் அது அரிதாக வருகிறது, படிக்கிறவர் யார் இந்த 'அவன்' என்று திரும்பிப் பார்க்கிறார். பிறகு அதுவே வழக்கமாகிறது. நீண்ட பத்திகள் குறுகுகின்றன. வாக்கியங்கள் முடிவை எட்டாமல் நிற்கின்றன. துண்டுகளுக்கிடையே வெற்றிடம் கூடுகிறது. பின்னால் கற்ற ஆங்கிலம் விலகி, தாய்மொழியான டச்சு மட்டும் மிஞ்சுகிறது. சுற்றியிருப்பவர்கள் பேசுவது வேற்று மொழியாகிறது. கடைசிப் பக்கங்களில் வேராவின் குரல் வருகிறது, வசந்தம் வரப்போவதைச் சொல்கிறது.

இதற்கொரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இயல்பில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் சரிவை பெர்ன்லெஃப் ஒரு பனிக்காலத்துக்குள் அடைத்துவிடுகிறார். மருத்துவ நோக்கில் அது மிக வேகம். ஆனால் சரிவின் வேகத்தைத்தான் அவர் மாற்றினார், வரிசையில் கைவைக்கவில்லை. நாள் போகிறது, பிறகு இடம், பிறகு ஆட்கள், பிறகு மொழி, கடைசியாக 'நான்'. வரிசை நேர்மையாக இருப்பதால் வேகத்தை நாம் மன்னித்துவிடுகிறோம்.

பக்கத்தின் மேல்: பி.எஸ். ஜான்சன்

மூன்றாவது நாவல் காலத்தால் மூத்தது. துணிச்சலிலும் அதுதான் மூத்தது. பி.எஸ். ஜான்சன் எழுதிய 'ஹவுஸ் மதர் நார்மல்', 1971. இங்கிலாந்தின் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுது. சாப்பாடு, பாட்டு, சிறு கைவேலை, விளையாட்டு, கேளிக்கை. அதே மாலையை எட்டு முதியவர்களின் மனங்கள் வழியாக எட்டு முறை படிக்கிறோம். ஒன்பதாவதாக இல்லத்தின் தலைவி பேசுகிறாள்.

ஒவ்வொரு முதியவருக்கும் 21 பக்கங்கள். ஒவ்வொருவரின் பகுதிக்கும் முன்னால் மருத்துவ அட்டை ஒன்று: வயது, பார்வை எத்தனை விழுக்காடு, செவி எத்தனை, தொடு உணர்வு எத்தனை, அதன்பின் ஒரு மதிப்பெண். நீங்கள் இருப்பது எங்கே, இன்று என்ன கிழமை, இது எந்த ஆண்டு, உங்கள் வயது என்ன, இப்போது அரியணையில் இருப்பவர் யார் என்பது போன்ற பத்துக் கேள்விகளுக்கு எத்தனை சரியான விடை என்று காட்டும் எண். முதலில் வரும் சாரா லாம்சனுக்கு வயது 74, மதிப்பெண் பத்துக்குப் பத்து. கடைசியில் வரும் ரோசெட்டா ஸ்டான்டனுக்கு வயது 94, மதிப்பெண் சுழியம்.

இனிதான் ஜான்சனின் கண்டுபிடிப்பு. எட்டுப் பகுதிகளும் ஒரே கால அளவில் பூட்டப்பட்டிருக்கின்றன. சாராவின் ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட வரியில் நடப்பது, மற்ற எழுவரின் அதே எண்ணுள்ள பக்கத்தில் அதே வரியில் நடக்கிறது. ஒருவர் பேசினால், மற்றவர் பக்கங்களில் அந்த இடத்தில் அந்தப் பேச்சு காதில் விழுகிறது, அல்லது விழாமல் போகிறது. ஒருவர் தூங்கிவிட்டால் அவருடைய பக்கம் வெறுமையாகிறது. இந்நாவலைத் தொடர்ச்சியாகவும் படிக்கலாம், குறுக்காகவும் படிக்கலாம்.

பொட்டலம் கைமாற்றும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, காகிதத்தில் பொதிந்த ஒன்றைக் கைமாற்றிப் பிரிக்கிறார்கள். உள்ளே இருப்பது நாயின் மலம். தலைவியின் கொடூரம் அது. நினைவு தெளிவாக உள்ளவர்களின் பக்கத்தில் அந்த விளையாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது: எதிர்பார்ப்பு, அருவருப்பு, கோபம். வயதும் நோயும் கூடக்கூட, அதே இடத்தில் ஒன்றிரண்டு சொற்களே எஞ்சுகின்றன. காரணம் அறுந்துபோகிறது, விளைவு மட்டும் நிற்கிறது. எட்டாவதாக ரோசெட்டாவிடம் வரும்போது, பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. வெல்ஷ் மொழிச் சொற்களும் அவற்றில் உண்டு. பல இடங்களில் வெறும் வெள்ளைத் தாள்.

இந்த நாவலை ரோசெட்டாவிலிருந்து தொடங்கிப் படித்தால் அச்சுப் பிழை என்றே தோன்றும். ஏழு பேரின் வழியாக அந்த மாலையை வாழ்ந்து முடித்துவிட்டு அவளிடம் வருகிறவருக்கு அப்படித் தோன்றாது. இந்த வெற்றிடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இதில் பொட்டலம் அவள் பக்கமாக வருகிறது, இதில் பக்கத்து நாற்காலியில் யாரோ பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். உலகம் அவளைச் சுற்றி முழுதாக நடக்கிறது. அவளுக்குள் அது பதியவில்லை. அந்தச் சிதறலிலேயே ஓரிடத்தில் எழுத்துகள் மெல்லக் கூடிவந்து, தனக்குள் தானே அடைபட்டிருப்பதை அவள் அறிவிக்கிறாள். மதிப்பெண் சுழியம் என்று அட்டை சொன்னது. மருத்துவ அட்டையின் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை ஜான்சன் அந்த ஒரு பக்கத்தில் அளந்து காட்டிவிடுகிறார்.

இங்கே நினைவைச் சுமப்பது தாளின் மேல் போட்ட கட்டம். பக்க எண்ணும் வரியின் இடமும்தான் மறக்காத சாட்சிகள்.

கலைத்துப் போட்டுப் பார்த்தல்

இதே கையோடு, எங்கே தவறுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். டிமென்ஷியாவை எழுதுகிறேன் என்று சொல்லிக் குழப்பத்தை மட்டும் எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. நினைவுகள் முன்பின்னாக வருகின்றன, வாக்கியங்கள் அறுகின்றன, காலங்கள் கலக்கின்றன. படிப்பதற்குக் கவித்துவமாகவும் இருக்கலாம். ஆனால் அது நோயா, நனவோடையா, எழுத்தாளரின் சோம்பலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாணவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்வேன். அந்த நாவலின் துண்டுகளை மனத்துக்குள் கலைத்து, வேறு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அதில் ஒழுங்கின்மை இருக்கிறது, நோய் இல்லை. மார்ட்டன் தன்னை 'அவன்' என்று சொல்லும் இடத்தை நாவலின் தொடக்கத்துக்கு நகர்த்த முடியாது. ரோசெட்டாவை முதலில் வைக்க முடியாது. மாட்டின் தோட்டக் கேள்வியைத் துப்பு துலங்கிய பிறகு முதல்முறையாக வைக்க முடியாது. குழப்பம் கதைமாந்தருக்கு உரியது. எழுத்தாளருக்கோ அணுவளவும் குழப்பம் இருக்கக் கூடாது.

இதற்கு ஜான்சனே எதிர்ச்சான்றும் தந்திருக்கிறார். 1969-இல் அவர் வெளியிட்ட 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' ஒரு பெட்டிக்குள் கட்டப்படாத 27 பகுதிகளாக வந்தது. முதலும் கடைசியும் தவிர மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம். புற்றுநோயில் இறந்த நண்பனைப் பற்றி, நல்ல நினைவாற்றல் உள்ள ஒருவர் அலைபாய்ந்து நினைத்துப் பார்ப்பது அது. துக்கத்தின் நினைவு எங்கிருந்தும் எங்கும் தாவும். கலைத்துப் போடுவது அதற்குப் பொருந்தும். இரண்டே ஆண்டுகள் கழித்து மறதி நோயை எழுத வந்தபோது, அதே எழுத்தாளர் ஒரு வரிகூட நகர்த்த முடியாத இறுக்கமான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டும் வெவ்வேறு அனுபவம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு தவறும் உண்டு. நோயாளியின் மறதியைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு திடுக்கிடலுக்காகப் பயன்படுத்துவது. இதுவரை பேசியவருக்கு மறதி நோய் என்று முடிவில் அறிவித்தால், வாசகர் ஏமாந்ததாக உணர்வார். அவருடன் வாழ்ந்ததாக உணரமாட்டார். நாம் பார்த்த மூவரும் நோயை ஒளிக்கவில்லை. தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, தெரிந்த பிறகும் நம்மைத் தடுமாற வைக்கிறார்கள்.

நம் மொழியின் கையிருப்பு

தமிழில் இந்த வகை நாவலை எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்திலும் டச்சிலும் செய்ததை அப்படியே செய்ய வேண்டியதில்லை. நம் இலக்கணத்தில் நுட்பமான கருவிகள் ஏற்கெனவே கிடக்கின்றன.

பெர்ன்லெஃப் 'நான்' என்பதை 'அவன்' என்று மாற்றியபோது, மாற்றம் வெளிப்படையாகத் தெரியும்படி எழுத வேண்டியிருந்தது. தமிழில் எழுவாயையே விட்டுவிடலாம்; விகுதியே ஆளைச் சொல்லிவிடும். 'கதவைத் திறந்தேன். திண்ணையில் உட்கார்ந்தேன். வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.' மூன்றாம் வாக்கியத்தில் ஓர் ஆள் தனக்கே அந்நியராகிவிட்டார். கண் வேகமாக ஓடினால் கவனிக்கவே மாட்டோம். நோயும் அப்படிக் கவனிக்காத நேரத்தில்தான் வருகிறது.

அதைவிடப் பெரிய கருவி நம் உறவுமுறை விளி. முதியவள் ஒருத்தி, தனக்குச் சோறு போடும் மகளைப் பார்த்து 'நீ சாப்பிட்டியா அக்கா?' என்று கேட்கிறாள் என்று எழுதினால் போதும். அவள் இப்போது எந்த வயதில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அந்த ஒரு விளியில் வந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகக் கூட வாழும் மருமகனிடம் 'தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?' என்று மரியாதையோடு விசாரிக்கிறாள். பெயர் போய்விட்டது, உறவு போய்விட்டது. அந்நியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சிறுவயதில் கற்ற பண்பு மட்டும் போகவில்லை. எது முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்று மருத்துவம் சொல்லும் வரிசை அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஆசிரியர் குறுக்கிட்டு ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்பதை முந்தைய பக்கங்களில் வாசகர் மனத்தில் ஆழமாக ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாவிட்டால் பிறழ்வு பிறழ்வாகத் தெரியாது. ஜான்சன் ஏழு மனங்களைக் கட்டிய பிறகே எட்டாவதை வெறுமையாக்கினார் என்பதை மறக்க வேண்டாம்.

வடிவத்தின் எல்லையும் கடமையும்

முடிப்பதற்கு முன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட எந்தப் பக்கமும் நோயின் உண்மையான அனுபவம் ஆகாது. மாட்டின் பக்கங்களை எழுத ஹீலிக்கு முழு நினைவாற்றல் தேவைப்பட்டது. மார்ட்டனின் சிதைந்த வாக்கியங்கள் கவிஞர் ஒருவர் தேர்ந்து அமைத்தவை. கடைசிக் கட்டத்தில் உள்ளே என்ன நிகழ்கிறது என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அங்கே எழுத்தாளரிடம் இருப்பது ஊகம் மட்டுமே. ஜான்சனின் வெள்ளைத் தாளை நான் மதிப்பது அதனால்தான். தெரியாத இடத்தில் அழகான சொற்களைப் போட்டு நிரப்பாமல், இடத்தை மட்டும் சரியாக அளந்து ஒதுக்கி வைத்தார்.

அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு நாவல் ஒன்றைச் செய்ய முடியும். மறதி நோய்க்கு ஆளானவரை நாம் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கிறோம். திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி நமக்குத் தொந்தரவாகத் தெரிகிறது. கேட்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி. இந்த உண்மையைத் தகவலாக யாரும் சொல்லிவிடலாம். வாசகரையே அந்த முதல் கேள்விக்குள் நிறுத்தி, காவல் நிலையத்தின் வாசலில் ஒன்றும் புரியாமல் நிற்கவைக்க வடிவத்தால்தான் முடியும். இது அனுதாபத்தைவிடக் கடினமானது, நீடித்தும் இருக்கும். ஏனென்றால் புத்தகத்தை மூடும்போது அந்த நினைவுகள் எல்லாம் நம் பொறுப்பில் இருக்கின்றன.

ஆகவே இத்தகைய நாவல் ஒன்று கையில் கிடைத்தால், மறதியை எவ்வளவு தத்ரூபமாகக் காட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நினைவை எங்கே வைத்திருக்கிறது என்று கேளுங்கள். வாசகரிடமா, பக்கத்தில் இருக்கும் ஒருவரின் பேச்சிலா, தாளின் அமைப்பிலா? அந்த இடம் திட்டவட்டமாக இருந்தால் நோயாளி ஓர் ஆளாக நம்முன் நிற்பார். அது இல்லாவிட்டால், எவ்வளவு நயமாக எழுதியிருந்தாலும், நோயின் பெயரில் ஒரு மூட்டம் மட்டுமே நிற்கும். எழுதப்போகும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: மறதியை எழுத உட்காரும் முன், மறக்காதது எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.